மாவு மில் போடப் போகிறீர்களா? மெஷின் பார்க்க வருமுன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

படத்தில் இருப்பது நேற்று எங்கள் மில் மெஷின் கடைக்கு லாரியில் வந்து இறங்கிய கல் மெஷின். பச்சை பெயிண்ட் இன்னும் கையில் ஒட்டுகிறது. இதைப் பார்த்தவுடன் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணாச்சி, மணிக்கு எத்தனை கிலோ அரைக்கும்?" கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது மூன்றாவதாக வர வேண்டியது. திருநெல்வேலி, தென்காசி பக்கம் ஊர்களில் புதிதாக மில் போடுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்தக் கிலோக் கணக்கில்தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருடம் களக்காடு பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தார்கள். வீட்டை ஒட்டி ஓர் அறை சும்மா கிடக்கிறது, அதில் மில் போட வேண்டும், இந்த மாதிரிக் கல் மெஷின்தான் வேண்டும், 10 எச்.பி. மோட்டார் போட்டால் வேகமாக ஓடுமாமே என்றார்கள். யார் வீட்டிலிருந்து என்ன அரைக்க வருவார்கள் என்று கேட்டேன். "எல்லாந்தான் அண்ணாச்சி" என்றார்கள். எல்லாம் என்பது பதில் இல்லை. அவர்கள் வீடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது, ஊர்க்காரர்கள் அங்கே நின்றுதான் அடுத்த ஊர் மில்லுக்குப் போகிறார்கள். "இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள், யார் பையில் என்ன, எத்தனை கிலோ, அவ்வளவுதான்" என்று சொல்லி அட்வான்ஸ் வாங்காமல் அனுப்பிவிட்டேன். அன்றைக்கு என் தம்பி என்னை முறைத்த முறைப்பு தனிக்கதை.

நோட்டு வந்தது. சாதாரண நாளில் சுமார் 22 பேர், மொத்தம் 45 கிலோ. அதில் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் ஊறவைத்து உலர்த்திய ஈர அரிசி 20 கிலோ, மிளகாய் வத்தலும் மல்லியும் 12 கிலோ, மிச்சம் 13 கிலோவில் கேப்பை, கம்பு, கொஞ்சம் கோதுமை. ஞாயிற்றுக்கிழமை 40 பேர். பெரும்பாலோர் காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வருகிறார்கள், ஆளுக்கு இரண்டு கிலோதான் கொண்டு வருகிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோ என்று எழுதியிருக்கிற மெஷினில் இரண்டு கிலோ அரைக்க இரண்டு நிமிடம். ஆனால் பையை வாங்கி எடை போட்டு, கொட்டி, அரைத்து முடிந்ததும் மெஷினைத் தட்டி உள்ளே நிற்கிற மாவை இறக்கி, பையில் அள்ளி, காசு வாங்கிச் சில்லறை கொடுக்க மூன்று நிமிடம் போகும். ஆக ஆளுக்கு ஐந்து நிமிடம், மணிக்கு 12 பேர், 24 கிலோ. 60 எங்கே, 24 எங்கே! சரி, மணிக்கு 120 கிலோ மெஷின் வாங்கினால்? அரைப்பது ஒரு நிமிடமாகும், மூன்று நிமிடம் அப்படியே இருக்கும், ஆளுக்கு நான்கு நிமிடம், மணிக்கு 15 பேர், 30 கிலோ. மோட்டாரை இரண்டு மடங்காக்கி வாங்கியது ஆறே கிலோ.

போர்டில் எழுதுகிற கிலோ என்பது ஒரே தானியத்தை மூட்டை மூட்டையாக நிறுத்தாமல் ஓட்டினால் வருகிற கணக்கு. கோதுமை மாவு, மசால் பொடி என்று பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்களுக்கு அது பொருந்தும். கூலிக்கு அரைக்கிற ஊர் மில்லுக்குப் பொருந்தாது. கூலி மில்லில் நேரத்தைத் தின்பது அரைப்பது அல்ல, ஒருவர் பொருளுக்கும் அடுத்தவர் பொருளுக்கும் நடுவில் நடக்கிற வேலைதான்.

அதில் பெரிய வேலை வத்தல். வத்தல் அரைத்த மெஷினில் அடுத்து அரிசி போட்டால் புட்டு சிவந்து, பிள்ளை உதடு எரிந்து, அந்த வீட்டம்மா உங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். சல்லடையைக் கழற்றி, உள்ளே பிரஷ் போட்டு, ஒரு கை தவிடோ குருணையோ ஓட்டி எடுத்துக் கொட்டிய பிறகுதான் அரிசி போட முடியும், எப்படியும் பத்து நிமிடம். அதனால் நான் சொல்வது, ஒரு பெரிய மெஷினைவிட இரண்டு சின்ன மெஷின்: ஒன்று மாவுக்கு, ஒன்று வத்தல் மல்லிக்கு. கைப்பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வத்தலுக்குச் செவ்வாய், சனி மத்தியானம் என்று போர்டு எழுதி வையுங்கள். மக்கள் பழகிக்கொள்வார்கள்.

அடுத்தது என்ன மெஷின் என்பது. கல் மெஷினில் இரண்டு எமரி கல், ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும், நடுவில் தானியம் நசுங்கும். கோதுமைக்கும் கேப்பைக்கும் அருமையானது. சப்பாத்தி மாவு கல்லில் அரைத்தால்தான் பிடிக்கும் என்கிறவர்கள் நிறைய. ஆனால் ஈர அரிசியை அதில் போட்டால் கல்லில் கொத்தியிருக்கிற பள்ளத்தில் மாவு அப்பிக்கொள்ளும், பிறகு கல் வழுக்கும், அரைக்காது. பல்வரைசர் வேறு மாதிரி: உள்ளே இரும்புப் பீட்டர்கள் வேகமாகச் சுற்றித் தானியத்தை அடித்து உடைக்கும், சல்லடை ஓட்டையைத் தாண்டுகிற அளவு பொடியானது வெளியே வரும். சல்லடையை மாற்றினால் மாவின் நைஸ் மாறும். ஈர அரிசிக்குக் கொஞ்சம் பெரிய ஓட்டை போட வேண்டும். நைஸ் சல்லடையில் ஈர அரிசி போட்டால் ஓட்டை அடைத்து, மோட்டார் முனகும்.

அக்காவின் நோட்டில் பாதிக்குப் பக்கம் ஈர அரிசி. அவர்கள் ஆசைப்பட்ட கல் மெஷின் அவர்கள் ஊருக்கு முதல் மெஷினே இல்லை. மாவுக்கு 5 எச்.பி. பல்வரைசர், வத்தலுக்கு 3 எச்.பி. பல்வரைசர் என்று முடிவானது. விலை உயர்ந்ததை விற்காமல் விட்டேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. தப்பான மெஷின் விற்றால் மூன்றாவது மாதம் அது என் கடை வாசலிலேயே வந்து நிற்கும், அந்தத் தலைவலி எனக்குப் பழக்கம்.

இனி கரண்ட். இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒரு எச்.பி. என்பது 746 வாட். 5-ம் 3-ம் சேர்ந்து 8 எச்.பி., கிட்டத்தட்ட 6 கிலோவாட். நம் மின்வாரியத்தில் சிங்கிள் பேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைதான், அதற்கு மேல் த்ரீ பேஸ் எடுக்க வேண்டும். அதனால் முதலில் ஈ.பி. ஆபீஸில் மில்லுக்கென்று தனி இணைப்புக்கு எழுதிப் போடுங்கள். குறுந்தொழிலுக்கு 12 கிலோவாட் வரை தனிக் கட்டண வகை இருக்கிறது, அதில் வருமா என்று அங்கேயே கேளுங்கள். கம்பம் தள்ளி இருந்தால் நாளாகும், எனவே மெஷினுக்குப் பணம் கட்டுமுன் இதை முடியுங்கள். கிணற்று மோட்டார் லைன் வீட்டுக்குப் பின்னாலேயே போகிறது, அதில் ஒரு கொக்கி என்று சிலர் ஆரம்பிப்பார்கள். விவசாய இணைப்பில் மில் ஓட்டினால் அபராதம் வரும், அந்த இணைப்புக்கும் ஆபத்து. அந்தப் பேச்சே வேண்டாம்.

சின்னதாக ஆரம்பிக்கிறேன், சிங்கிள் பேஸில் 3 எச்.பி. போதும் என்கிறவர்களுக்கு என் கைக்காசு போன கதை ஒன்று. இராதாபுரம் பக்கம் ஒருவருக்கு அப்படி ஒன்று கொடுத்தேன். காலையில் ஓடும், சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்விட்ச் போட்டால் உம்மென்று சத்தம் மட்டும் வரும், சுற்றாது. கெபாசிட்டர் போயிருக்கும் என்று மாற்றினேன். மறுவாரம் அதே பேச்சு, மறுபடி மாற்றினேன். மூன்றாம் முறை மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு சாயங்காலமே போனேன். ஈ.பி. மீட்டர் பக்கம் 205 வோல்ட். மோட்டார் முனையில் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போடச் சொன்னால் முள் 160-க்கு விழுகிறது.

காரணம் ஒயர். மீட்டர் ரோட்டோரம், மில் கொல்லையில், நடுவில் 40 மீட்டர், போட்டிருந்தது வீட்டுக்குப் போடுகிற 2.5 ஸ்கொயர் காப்பர். 3 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 15 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு, 80 வரைகூட இழுக்கும். அந்த ஒயரில் போக வர 80 மீட்டருக்கு 80 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 45 வோல்ட் போய்விடும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் பலம் அதே அளவில் குறையாது, அதைவிட வேகமாகக் குறையும்: 230-க்குப் பதில் 190 கிடைத்தால் பலம் மூன்றில் ஒரு பங்கு காலி, 160 என்றால் பாதிதான் மிச்சம். பெல்ட்டையும் பீட்டரையும் சேர்த்து அதை எப்படி நகர்த்தும்? 6 ஸ்கொயர் ஒயர் மாற்றினோம், வழியில் போவது 20 வோல்ட்டாகக் குறைந்தது, அன்றிலிருந்து கிளம்புகிறது. கெபாசிட்டர் இரண்டுக்கும் நான் காசு கேட்கவில்லை, கேட்க வாயும் வரவில்லை.

எனவே உங்கள் இடத்தில் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள், தெருவில் எல்லா வீட்டிலும் லைட் எரியும்போது, ஓர் எலக்ட்ரீஷியனை வைத்து வோல்டேஜ் பார்த்து எழுதுங்கள். மத்தியானம் பார்த்த நம்பர் எதற்கும் உதவாது. ட்ரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வீடாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

த்ரீ பேஸில் 5 எச்.பி. மோட்டார் ஏழு, ஏழரை ஆம்பியர்தான் எடுக்கும், ஒயரும் சின்னது போதும், கிளம்புவதும் சுகம். ஆனால் அதற்கென்று ஒரு வில்லங்கம்: மழை காலத்தில் மூன்று லைனில் ஒன்று போய்விட்டால் மீதி இரண்டில் மோட்டார் முனகிக்கொண்டே சூடேறி எரிந்துபோகும். அதைக் கண்டுபிடித்து நிறுத்துகிற சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் ஸ்டார்ட்டரோடு சேர்த்து இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்த ஸ்டார்ட்டரில் இருக்கிற ரிலேயை மோட்டார் தகட்டில் எழுதியிருக்கிற ஆம்பியருக்கு வைக்க வேண்டும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைத் திருகி ஏற்றி வைக்கிறவர்கள்தான் பிறகு எரிந்த மோட்டாரைக் காயில் கட்டக் கொண்டு வருகிறார்கள். ட்ரிப் ஆனால் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அதைப் பாருங்கள்.

மெஷின் இறங்குகிற அன்று நான் பார்க்கிற விஷயம் ஒன்று உண்டு, அதை நீங்களும் நின்று பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு நொடி போட்டு எடுத்து, அம்புக்குறி காட்டுகிற பக்கம் சுற்றுகிறதா என்று பார்ப்பது. த்ரீ பேஸில் இரண்டு ஒயர் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். கம்பத்தில் வேலை செய்துவிட்டுப் போன பிறகும் இப்படி மாறியிருக்கலாம், அதனால் கரண்ட் கட்டாகி வந்த மறுநாள் காலை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாக ஓடினால் காற்று சரியாகத் தள்ளாது, மாவு பைக்கு வராமல் உள்ளேயே சூடாகிக் கிடக்கும். அப்புறம் பெல்ட்டுக்கு மேல் கம்பி வலை மூடி. அது இல்லாமல் ஒருநாளும் ஓட்டாதீர்கள், சேலை முந்தானையும் கழுத்துத் துண்டும் அங்கேதான் போய் மாட்டும்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓர் ஆம்ப் மீட்டர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன முள்ளுதான், ஆனால் எந்த வேகத்தில் தானியம் விட வேண்டும் என்பதை அது சொல்லிக்கொடுக்கும். சும்மா ஓடும்போது மூன்று சொச்சத்தில் நிற்கும், அரிசி விட்டால் ஆறுக்கு ஏறும், தகட்டில் ஏழரை என்றிருந்தால் அதைத் தாண்டாமல் தானியம் விழுகிற கதவைத் திறந்து மூடுங்கள். பழகிய பிறகு சத்தத்திலேயே தெரியும். வத்தலை முள் இடம் கொடுக்கிறதே என்று வேகமாக விடாதீர்கள், சூடேறினால் பொடி கறுத்துவிடும். வெயிலில் காய்ந்து கையில் ஒடிகிற வத்தலைத்தான் வாங்குங்கள், பதமாக இருப்பதைத் திருப்பி அனுப்பினாலும் தப்பில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு சண்டை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். "ரெண்டு கிலோ தந்தேன், ஒண்ணே முக்கால்தானே இருக்கு?" திருடவில்லை. ஈர அரிசியில் இருந்த தண்ணீர் அரைக்கிற சூட்டில் கொஞ்சம் ஆவியாகப் போகும், கொஞ்சம் மாவு மெஷினுக்குள்ளும் மாவு வந்து விழுகிற மெஷின் பைத்துணியிலும் ஒட்டிக்கொள்ளும், புது மெஷினில் இது கூடுதல். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சொந்தச் செலவில் பத்துக் கிலோ அரிசி வாங்கி அரைத்துவிடுங்கள், உள்ளே ஒட்டுவதெல்லாம் அதிலேயே ஒட்டட்டும், புது இரும்பின் அழுக்கும் வரட்டும். அந்த மாவை யாருக்கும் கொடுக்காமல் கொட்டிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் முடிக்கும்போது மெஷினைத் தட்டி, பைத்துணியை உதறி அவர்கள் கண்முன் அள்ளிப் போடுங்கள். இரண்டு கிலோவுக்கு ஐம்பது நூறு கிராம் குறைவது வழக்கம், ஈர அரிசிக்கு இன்னும் கொஞ்சம் கூடும். காய்ந்த தானியத்திலும் கால் கிலோ குறைகிறது என்றால் எங்கோ துணி கிழிந்திருக்கிறது, அறை மூலையில் வெள்ளையாகப் படிந்திருக்கும், தேடுங்கள்.

சர்வீஸ் என்றவுடன் ஆள் வருவார் என்று நினைக்கிறார்கள். முக்கால்வாசி சர்வீஸ் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஈர மாவு அரைத்த மெஷினை ராத்திரி அப்படியே விட்டால் காலையில் புளித்த வாடை அடிக்கும், முதலில் அரைக்கிற வீட்டு மாவிலும் அந்த வாடை ஏறும். கடை அடைக்குமுன் ஸ்டார்ட்டரை மட்டும் அல்ல, மெயினையும் அணைத்துவிட்டு, கதவைத் திறந்து பிரஷ் போட்டு, சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓட்டை தெரியாத இடம் அடைத்த இடம், ஓட்டை பெரிதாகத் தெரிகிற இடம் கிழிந்த இடம். தானியம் கொட்டுகிற ஹாப்பரில் இருக்கிற காந்தத்தைத் துடையுங்கள். ஆணி, கம்பித் துண்டு, சாக்கு தைக்கிற ஊசியின் முனை என்று அதில் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் அந்தக் காந்தம் இல்லாமல் மெஷின் வாங்க மனசு வராது.

பீட்டர்கள் ஒரு பக்கம்தான் தேயும். மாவு வர நேரமாகிறது, வருவதும் கொரகொரவென்று இருக்கிறது, சல்லடை நன்றாக இருக்கிறது என்றால் பீட்டர் முனை உருண்டுவிட்டது. திருப்பிப் போட முடிகிற மாடல் என்றால் திருப்புங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது, எதிரெதிரே இருக்கிற ஜோடி ஒரே எடையில் இருக்க வேண்டும். பழையது ஒன்று புதியது ஒன்று போட்டால் மெஷின் ஆடும், அந்த ஆட்டத்தில் பேரிங் போகும். பேரிங் மேல் கை வைத்துப் பாருங்கள், எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் சரி, இரண்டு நொடியில் கை தானாக வந்துவிட்டால் அதைக் கவனிக்க வேண்டும். உடனே கிரீஸைத் திணிக்காதீர்கள், நிரம்ப அடைத்தாலும் சூடேறும், பாதி அளவுதான் இருக்க வேண்டும். பெல்ட்டுக்குக் கீழே தரையில் கறுப்புத் தூள் விழுந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது. இரண்டு பெல்ட் ஓடுகிற மெஷினில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கல் மெஷின் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தானியம் இல்லாமல் கல்லை நெருக்கி ஓட்டாதீர்கள், கல்லோடு கல் உரசி மாவில் கல் வரும். ஆள் இல்லாத நேரம் கைச்சக்கரத்தைத் திருகி இடைவெளி விட்டு வையுங்கள். மாவு கை சுடுகிற சூட்டில், தட்டைத் தட்டையாக வந்தால் கல் மழுங்கிவிட்டது, கொத்த வேண்டும். கொத்துகிறவர் வந்து உளியால் கொத்தி முடித்ததும் இரண்டு மூன்று கிலோ குருணையை ஓட்டிக் கொட்டிவிட்டுத்தான் ஊர்க்காரர் தானியத்தைப் போட வேண்டும், மாட்டுக்குக்கூட வைக்காதீர்கள், அதில் கல்தூள் இருக்கும்.

காயில் கட்டக் கொடுத்த மோட்டாருக்குப் பதில் அவசரத்துக்கு வேறு மோட்டார் மாட்டுகிறவர்கள் தகட்டில் சுற்று எண்ணைப் பாருங்கள். 1440 இருந்த இடத்தில் 2880 மோட்டாரை அதே புல்லியோடு மாட்டினால் மெஷின் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். கல் மெஷினில் இது உயிருக்கே ஆபத்து, கல் சிதறிவிடும்.

வாங்க வருகிறவர்கள் வரும்போது மூன்று கொண்டு வாருங்கள்: இரண்டு வாரம் எழுதிய நோட்டு, சாயங்காலம் பார்த்த வோல்டேஜ், மீட்டரிலிருந்து மில் அறை வரைக்கும் அளந்த மீட்டர் கணக்கு. ஏற்கெனவே வாங்கியவர்கள் போன் போட்டால் "ஓடலை அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லாமல், சத்தம் வருகிறதா, ஆம்ப் மீட்டர் முள் எங்கே நிற்கிறது, பெல்ட்டைக் கழற்றிவிட்டால் மோட்டார் தனியாகச் சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பாதி கோளாறு போனிலேயே தீர்ந்துவிடும், மீதிக்கு எந்த சாமான் எடுத்து வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஞாயிறு மத்தியானம் ஒரு மணி வரைதான் கடை.